மூன்று முறை புகார் கொடுத்தும் அறுந்துபோகும் இணையம்: நான்காவது கடிதத்தை எப்படி எழுதுவது?

சத்துவாச்சாரி கணக்காளர் | 6 மே 2024, இரவு 9.40

எங்கள் வீட்டில் ஒளியிழை இணைப்பு இருக்கிறது. இராணிப்பேட்டையில் உள்ள இரண்டு தோல் பொருள் நிறுவனங்களின் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இரண்டு வாரங்களாக மாலையில் மட்டும் இணையம் விட்டுவிட்டு அறுந்துபோகிறது. மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் ஆள் வந்தார், மறுநாளே புகார் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. இரண்டாம் முறை ரவுட்டர் பெட்டியை மாற்றினார்கள், மூன்றாம் முறை அந்தப் புதிய பெட்டியையும் மாற்றினார்கள். மாலையானால் மறுபடியும் அதே நிலைதான். இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். எப்படி எழுதினால் வேலை நடக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நான் கடைசியாக அனுப்பியது இதுதான்: "இரண்டு வாரமாக நெட் சரியில்லை. உங்கள் ரவுட்டர் தரமற்றது. பணம் மட்டும் சரியாக வாங்குகிறீர்கள், வாடிக்கையாளரை ஏமாற்றுகிறீர்கள். உடனே பெட்டியை மாற்றித் தரவும்."

பேர்ணாம்பட்டு | 6 மே 2024, இரவு 10.05

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவதே நல்லது. எங்கள் தெருவில் இரண்டு நிறுவனங்களின் கம்பி வருகிறது. உங்கள் பகுதியில் எது நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

சத்துவாச்சாரி கணக்காளர் | 6 மே 2024, இரவு 10.12

மாறுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. இருக்கும் இணைப்பைச் சரிசெய்யச் சொல்லி எழுதுவது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

ஆரணி நெசவு | 7 மே 2024, காலை 7.30

மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே இணையத்தில் இருக்கும், ஆகவே நெரிசல். எங்கள் வீட்டிலும் இரவு எட்டு மணிக்குக் காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும். பெட்டியை மாற்றி என்ன பயன்? "நெரிசல் நேரத்தில் வேகம் குறைகிறது" என்று எழுதுங்கள்.

குடியாத்தம், முன்னாள் ஹெல்ப்டெஸ்க் | 7 மே 2024, காலை 9.15

சென்னையில் ஒரு சேவை மையத்தில் ஆறு ஆண்டுகள் புகார்களைப் பதிவுசெய்யும் மேசையில் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவர் பொறியாளர் அல்லர். அவர் திரையில் சில வகைகள் மட்டும் இருக்கும்: வேகக் குறைவு, இணைப்பு இல்லை, பெட்டிப் பழுது, கட்டணம். கடிதத்தில் கண்ணில் படும் முதல் தெளிவான சொல்லை வைத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு வரி எழுதுவார். களத்துக்கு வருபவருடைய கைப்பேசிக்குப் போவது அந்த வகையும் அந்த வரிகளும்தான். உங்கள் கடிதம் போகாது.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். அதில் உள்ள ஒரே தெளிவான கோரிக்கை "பெட்டியை மாற்றித் தரவும்". நீங்கள் கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். பெட்டி மாறியது, புகார் தீர்ந்தது என்று மூடினார்கள்.

சத்துவாச்சாரி கணக்காளர் | 7 மே 2024, காலை 9.50

இதைப் படித்துவிட்டுப் பழைய மூன்று கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் எத்தனை மணிக்கு அறுந்தது என்பது இல்லை. பெட்டியில் எந்த விளக்கு எரிந்தது என்பதும் இல்லை. எனக்கு வந்த கோபமும், நான் ஊகித்த காரணமும் மட்டும் இருந்தன. கோபம் நியாயமானதுதான் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஊகம் அவர்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது.

வாலாஜா ஒளியிழை | 7 மே 2024, மதியம் 1.20

அம்மா, நான் பதினொரு ஆண்டுகளாக ஒளியிழை ஒட்டும் வேலை செய்கிறேன். கடிதம் எழுதும் முன்பு மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அறுந்துபோகும்போது பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? அது மின்னினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை அல்லது மிகக் குறைவாக வருகிறது என்று பொருள். ஆரணிக்காரர் சொல்லும் நெரிசலில் வேகம் குறையுமே தவிர அந்த விளக்கு எரியாது.

இரண்டாவது, கணினியை வைஃபையில் வைக்காமல் கம்பியால் பெட்டியோடு இணைத்து, இரண்டு சாளரங்களில் இவற்றை ஓட விடுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் பெட்டியைக் கேட்பது. சில பெட்டிகளில் இந்த முகவரி வேறாக இருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வெளியே கேட்பது. முதலாவது பதில் தந்துகொண்டே இருக்க, இரண்டாவதில் மட்டும் Request timed out என்று வந்தால், வீட்டுக்குள் உள்ள வைஃபை மேல் பழியில்லை.

மூன்றாவது, பெட்டியின் அதே முகவரியை உலாவியில் திறந்தால் வரும் பக்கத்தில் RX Optical Power என்று ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். ஒளியிழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத லேசர் அதில் வருகிறது.

சத்துவாச்சாரி கணக்காளர் | 8 மே 2024, இரவு 11.10

மாலை 6.22க்கு அறுந்தது, சிவப்பு விளக்கு மின்னியது. பெட்டி பதில் தந்துகொண்டிருந்தது, வெளியே பதில் இல்லை. மதியம் அந்த எண் −21 ஆக இருந்தது. இரவு ஏழு மணிக்கு −28 ஆக இருக்கிறது. ஏழு எண் வித்தியாசம் பெரியதா?

வாலாஜா ஒளியிழை | 9 மே 2024, காலை 6.45

மிகப் பெரியது. இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிறது என்று கொள்ளலாம். ஏழு குறைந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். −27ஐத் தாண்டிக் கீழே போனால் வழக்கமான வீட்டுப் பெட்டிகள் தடுமாறத் தொடங்கும். −28 என்பது விளிம்பு. அதனால்தான் ஒரேயடியாக நிற்காமல் விட்டுவிட்டு வருகிறது. பகலில் வந்து அளந்தவருக்கு −21 காட்டியிருக்கும், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

திருவலம் | 9 மே 2024, காலை 8.00

ஒரு திருத்தம். விண்டோஸில் ping வரிகளில் நேரம் பதிவாகாது. இரவு முழுவதும் ஓட விட்டு, காலையில் பார்த்தால் எப்போது அறுந்தது என்று தெரியாது. பவர்ஷெல்லில் இப்படிப் போட்டால் நேரத்தோடு கோப்பில் சேரும்:

```
ping -t 8.8.8.8 | ForEach-Object {
  "$(Get-Date -Format 'HH:mm:ss') $_"
} | Tee-Object netlog.txt
```

நிறுத்துவதற்கு Ctrl+C.

சத்துவாச்சாரி கணக்காளர் | 10 மே 2024, காலை 7.05

நேற்று மாலை ஐந்து மணிக்கு இதை ஓடவிட்டு, இன்று காலை நிறுத்தினேன். முதல் பதிவில் "மாலையில் மட்டும்" என்று எழுதியிருந்தேன், அது தவறு. 6.18க்குத் தொடங்கிய அறுப்பு இரவு முழுவதும் தொடர்ந்திருக்கிறது. கடைசியாக அறுந்தது விடியற்காலை 5.37. அதன்பின் ஒரு முறைகூட இல்லை. இரவு பதினொன்றுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் இணையத்தைத் தொடுவதில்லை. ஆகவே தெரியாமல் போயிருக்கிறது. மூன்று கடிதங்களிலும் "மாலையில்" என்றே எழுதியிருக்கிறேன்.

ஆரணி நெசவு | 10 மே 2024, காலை 9.30

விடியற்காலை மூன்று மணிக்கு நெரிசல் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கதை வேறு என்று தெரிகிறது. எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு தெரிந்த பிறகும் எதற்குக் கெஞ்ச வேண்டும்? சத்தம் போட்டால்தான் இங்கே வேலை நடக்கும்.

குடியாத்தம், முன்னாள் ஹெல்ப்டெஸ்க் | 10 மே 2024, காலை 10.40

கெஞ்சச் சொல்லவில்லை. மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். சத்தம் போட்டவரின் புகாரில் நாங்கள் எழுதிய முதல் வரி "வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார்" என்பது. அந்த ஒரு வரி, பழுதைப் பற்றி எழுத வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வருபவர் அதைப் படித்துவிட்டுச் சமாதானப்படுத்தும் நோக்கத்தில் வருவார்; பெட்டியை மாற்றிக் கொடுத்தால் பலர் சமாதானமாகிவிடுவார்கள். மரியாதையாக எழுதியவரின் புகாரில் அந்த வரிக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று: தொலைபேசியில் பேசினால், "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்று கட்டாயம் சொல்வார்கள். அதைச் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக மேசையில் இருப்பவருக்கு அனுமதி இல்லை. "6.30க்கு அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை, வேண்டுமானால் இப்போதும் செய்கிறேன்" என்றால் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். பேசி முடிக்கும் முன் "நீங்கள் பதிவுசெய்ததை ஒருமுறை படித்துக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். மேசையில் இருந்த ஆறு ஆண்டுகளில் அப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களுக்கு எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி கணக்காளர் | 10 மே 2024, இரவு 8.30

எழுதிவிட்டேன். அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள். இணைப்பு எண்ணையும் முகவரியையும் இங்கே விட்டுவிட்டேன்.

"பொருள்: தினமும் மாலை 6.15 முதல் விடியற்காலை 5.40 வரை ஒளியிழை இணைப்பு விட்டுவிட்டு அறுதல், LOS சிவப்பு விளக்கு. இது நான்காவது புகார்; முந்தைய எண்கள் கீழே.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், வணக்கம்.

மே 8, 9 ஆகிய நாள்களில் மாலை 6.22க்கும் 6.18க்கும் இணைப்பு முதலில் அறுந்தது. அறுந்துபோகும்போது LOS விளக்கு சிவப்பாக மின்னுகிறது. கம்பியால் இணைத்த கணினியிலிருந்து பெட்டிக்குப் பதில் கிடைக்கிறது, வெளியே 8.8.8.8க்குப் பதில் இல்லை. RX Optical Power பகலில் −21 dBm, இரவில் −28 dBm. இருமுறை பெட்டி மாற்றப்பட்டது, மாற்றமில்லை. பெட்டியை அணைத்துப் போட்டும் பார்த்தேன்.

முந்தைய மூன்று முறையும் தங்கள் பணியாளர் முற்பகலில் வந்ததால் பழுது அவருக்குத் தெரியவில்லை. ஆகவே மாலை 6 முதல் 8 மணிக்குள் பவர் மீட்டருடன் ஒருவரை அனுப்பி, ஒளியிழையை அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன். நேரப் பதிவும் விளக்கின் படமும் இணைத்துள்ளேன். ஒளியிழை எங்கேயோ சேதமடைந்துள்ளது, தெருக் கம்பத்திலிருந்து புதிதாக இழுத்துத் தர வேண்டும்."

வாலாஜா ஒளியிழை | 10 மே 2024, இரவு 9.25

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். சேதம் என்று உங்களுக்குத் தெரியாது. மறுபடியும் கேட்டதையே செய்துவிட்டுப் போவார்கள். கம்பத்திலிருந்து புதிதாக இழுப்பார்கள், பழுது வீட்டுக்குள் இருந்தால் அது அப்படியே இருக்கும். கண்டதை எழுதுங்கள், காரணத்தை அளக்க வருபவரிடம் விடுங்கள். மற்றபடி இப்படி ஒரு தாள் எனக்கு வந்திருந்தால் நான் கட்டாயம் மாலையில்தான் வந்திருப்பேன்.

சத்துவாச்சாரி கணக்காளர் | 10 மே 2024, இரவு 9.40

எடுத்துவிட்டேன். மூன்று நாள்களாக இதையே படித்தும் கடைசி வரியில் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். அனுப்பிவிட்டுத் தொலைபேசியிலும் பேசினேன். பதிவைப் படித்துக் காட்டச் சொன்னபோது, அந்தப் பெண் "ஸ்லோ ஸ்பீட்" என்று போட்டிருப்பதாகச் சொன்னார். வேகம் அல்ல, ஒளி குறைகிறது, மாலையில் மட்டும் வர வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். திருத்தி மறுபடியும் படித்துக் காட்டினார். நன்றி சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

பேர்ணாம்பட்டு | 11 மே 2024, காலை 8.15

நான் என் வீட்டுப் பெட்டியின் விளக்குகளை நான்கு நிமிடம் காணொளி எடுத்து அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை. அதையும் சொல்லுங்கள்.

குடியாத்தம், முன்னாள் ஹெல்ப்டெஸ்க் | 11 மே 2024, காலை 8.50

நான்கு நிமிடக் காணொளியை மேசையில் யாரும் திறக்க மாட்டார்கள், பல இடங்களில் அந்த அளவுள்ள கோப்பே போய்ச் சேராது. விளக்கும் ஒரு கடிகாரமும் ஒன்றாகத் தெரியும் ஒரு படம் போதும்.

சத்துவாச்சாரி கணக்காளர் | 13 மே 2024, இரவு 10.20

இன்று மாலை 5.50க்கு ஆள் வந்தார். கத்திரி வெயிலில் நாள் முழுவதும் கம்பம் ஏறிவிட்டு வந்தவர். மாமியார் முதலில் மோர் கொடுத்தார். பெட்டியிலிருந்து ஒளியிழையைக் கழற்றிப் பவர் மீட்டரில் செருகினார், −21.2 காட்டியது. ஆறு மணியாகியும் எண் அசையவில்லை. எனக்குப் பதற்றமாக இருந்தது, இவரும் "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவாரோ என்று. ஆனால் அவர் கைப்பேசியில் புகாரின் வரிகளைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஆறேகாலுக்கு இந்த ரூம்ல என்னம்மா மாறும்?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமியார்தான் "கொசு வருது, சன்னலைச் சாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். இரும்புச் சட்டம் போட்ட சன்னல் அது. கதவு சட்டத்தில் அமர்ந்ததும் மீட்டரில் எண் −24 ஆனது. தாழ்ப்பாளைப் போட்டதும் −28.3. அவர் சன்னலைத் திறக்கச் சொன்னார், −21க்கு வந்தது. மறுபடியும் சாத்தச் சொன்னார், −28. மூன்று முறை பார்த்தார்.

இணைப்புக் கொடுத்தபோது சுவரில் துளை போடாமல் சன்னல் சட்டத்தின் மூலை வழியாக ஒளியிழையை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். மார்ச்சு வரை அந்தச் சன்னலை நாங்கள் சாத்தியதில்லை. ஏப்ரலில் கொசு அதிகமானதும் மாமியார் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் சாத்தி, விடிந்ததும் திறக்கத் தொடங்கினார். என் பதிவில் இருந்த 6.18, 5.37 இரண்டும் அவர் எழுந்து நடக்கும் நேரங்கள்.

வாலாஜா ஒளியிழை | 14 மே 2024, காலை 6.30

இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் அதைக் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். ஒளியிழை கூர்மையாக மடங்கினால் உள்ளே ஓடும் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். உடையாததால் நிமிர்த்தினால் திரும்ப வந்துவிடுகிறது. ஆனாலும் தினம் மடங்கிய இடத்தை அப்படியே விடக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டிப் புதிய கனெக்டர் போட்டார்களா?

சத்துவாச்சாரி கணக்காளர் | 14 மே 2024, காலை 7.15

போட்டார். சன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் துளையிட்டு, மடங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு சாண் அகலத்துக்கு வளையம் விட்டுக் கட்டினார். இப்போது சன்னல் திறந்தாலும் சாத்தினாலும் −20.8. துளையிடும் வேலை புகாரில் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் போன பிறகு நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதினேன்: எதனால் வந்தது, என்ன செய்தார், முன்பும் பின்பும் எண் என்ன என்று. அடுத்த முறை யாராவது இந்த இணைப்பின் பழைய புகார்களைத் திறந்தால் அதுவும் அதோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

திருவலம் | 14 மே 2024, மாலை 5.10

நான்காவது கடிதத்துக்கும் பதில் வராதிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி ஒவ்வொரு நிறுவனமும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. பலர் அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது புகார் எண்ணைத்தான். அதைக் குறித்து வைக்காதவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆரணி நெசவு | 15 மே 2024, இரவு 8.45

நானும் எழுதிப் பார்த்தேன். விளக்கு பச்சை, எண் −19, இரவு 8 முதல் 10.30 வரை வேகம் மட்டும் குறைகிறது என்று ஐந்து நாள் அளவுகளோடு அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது, "உங்கள் பகுதியில் விரிவாக்கம் திட்டமிடப்பட்டுள்ளது" என்று. எப்போது என்று சொல்லவில்லை. இதற்குச் சத்தம் போடாமல் வேறு வழி என்ன?

குடியாத்தம், முன்னாள் ஹெல்ப்டெஸ்க் | 15 மே 2024, இரவு 9.20

உங்கள் பழுதை வீட்டுக்கு வருபவர் தீர்க்க முடியாது. தெருவில் இதே நிலையில் உள்ள மற்றவர்களையும் தனித்தனியாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே பகுதியிலிருந்து புகார்கள் சேர்ந்தால்தான் மேலே பார்ப்பார்கள். அதன் பிறகும் எத்தனை நாளாகும் என்று என்னால் சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி கணக்காளர் | 21 மே 2024, காலை 10.00

நேற்று இரவு 7.10க்கு இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் தாக்கல் செய்துவிட்டேன். சன்னல் சாத்தியிருந்தது.

சத்துவாச்சாரி கணக்காளர் | 2 ஜூன் 2024, இரவு 9.15

மே 30 மதியம் 2.10க்கு ஒருமுறை அறுந்து, பதினேழு நிமிடம் கழித்து வந்தது. சிவப்பு விளக்கு மின்னியது. ஆனால் வந்த பிறகு எண் −20.8தான், சன்னலும் திறந்திருந்தது. எதிர் வீட்டிலும் கோடி வீட்டிலும் அதே நேரத்தில் போயிருக்கிறது. நேரத்தையும், மூன்று வீடுகளுக்கும் ஒன்றாகப் போனது என்பதையும், முன்பும் பின்பும் உள்ள எண்ணையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். காரணம் எதுவும் எழுதவில்லை. புகார் இன்னும் திறந்தே இருக்கிறது.